ஏஆர்சி, இ-ஏஆர்சி: சவுண்ட்பாருக்கு எப்போது நல்ல கேபிள் வேண்டும்?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் சவுண்ட்பாருக்கு எச்டிஎம்ஐ கேபிள் கேட்டுப் பாருங்கள். "சார், அட்மாஸ் வேணும்னா இ-ஏஆர்சி வேணும். இ-ஏஆர்சி வேணும்னா இந்த எய்ட்-கே கேபிள்தான் எடுக்கணும்" என்ற பதில் வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அவரும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் பாதிதான் சரி. அட்மாஸ் என்பது சத்தம் சுற்றிலுமிருந்தும் தலைக்கு மேலிருந்தும் வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பியின் ஒலிமுறை. ஏஆர்சியும் அதன் புது வடிவமான இ-ஏஆர்சியும் டிவியின் சத்தம் எச்டிஎம்ஐ கேபிளிலேயே சவுண்ட்பாருக்குத் திரும்பி வரும் வழிகள். அட்மாஸ் பழைய ஏஆர்சியிலேயே பல நேரங்களில் வந்துவிடும். இ-ஏஆர்சி ஓடுவதற்கு 8கே கேபிளின் வேகம் தேவையே இல்லை. அதற்குத் தேவைப்படுவது கேபிளுக்குள் இருக்கும் ஒரே ஒரு ஜோடிக் கம்பி. அந்த ஜோடி சரியாக இருக்கிறதா என்பதுதான் கேபிளை மாற்றலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சத்தம் ஏன் திரும்பி வரவேண்டும்?

எச்டிஎம்ஐ கேபிளில் படமும் சத்தமும் ஒரே திசையில்தான் போகும். செட்-டாப் பாக்ஸ், கேம் கன்சோல், சவுண்ட்பார் போன்ற அனுப்பும் கருவியிலிருந்து டிவிக்கு. டிவி வாங்கிக்கொள்ளும் முனை மட்டுமே.

இப்போது டிவிக்குள்ளேயே நெட்ஃபிளிக்ஸ், பிரைம் எல்லாம் ஓடுகின்றன. சத்தம் பிறப்பதே டிவிக்குள். அது கீழே இருக்கும் சவுண்ட்பாருக்குப் போகவேண்டும், அதாவது ஓட்டத்துக்கு எதிர்த்திசையில். முன்பு இதற்கென்றே தனியாக ஒரு ஆப்டிகல் வயரைச் சொருகினோம். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 அந்த வேலையை அதே எச்டிஎம்ஐ கேபிளுக்குள் கொண்டுவந்தது. அதன் பெயர்தான் ஆடியோ ரிட்டர்ன் சேனல், சுருக்கமாக ஏஆர்சி.

பிரிகேட் ரோடை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகளுக்கு ஒருவழிச் சாலை. ஆனால் ஓரத்து நடைபாதையில் எந்தத் திசையிலும் நடக்கலாம். எச்டிஎம்ஐயில் படம் போவது நடுச்சாலையில், சத்தம் திரும்பி வருவது நடைபாதையில். சாலையை எட்டு வழியாக அகலப்படுத்தினாலும் நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்திருந்தால் நடப்பவர் தடுக்கித்தான் விழுவார்.

எச்டிஎம்ஐ பிளக்கில் 19 பின்கள் இருக்கின்றன. முதல் 12 பின்கள் நடுச்சாலை, படம் போவதற்கு. 14-ஆவது பின்னும் 19-ஆவது பின்னும்தான் நடைபாதை. பெரும்பாலான கருவிகளில் ஏஆர்சி 14-ஆவது பின்னின் ஒற்றைக் கம்பியிலேயே சத்தத்தை அனுப்பிவிடும். 19-ஆவது பின்னுக்கு அந்தக் கேபிளில் வேறொரு பழைய வேலையும் உண்டு: 'மறுமுனையில் கருவி சொருகப்பட்டிருக்கிறது' என்று சொல்வது.

சவுண்ட்பாரில் வேறு எதையும் சொருகாமல், டிவிக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு கேபிள் மட்டும் போட்டிருக்கும் வீடுகளே நம்மிடம் அதிகம். அந்த வீடுகளில் படத்துக்கான 12 பின்களும் கிட்டத்தட்ட சும்மாதான் கிடக்கின்றன. விலை உயர்ந்த கேபிளின் பெருமையெல்லாம் அந்தப் பன்னிரண்டில்தான் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஏஆர்சி என்பது டிவியில் பிறக்கும் சத்தம் எதிர்த்திசையில் சவுண்ட்பாருக்கு வரும் வழி. அது படத்தின் கம்பிகளைத் தொடுவதில்லை.

ஏஆர்சியால் எவ்வளவு சுமக்க முடியும்?

ஏஆர்சி பழைய ஆப்டிகல் வயரின் முறையையே பின்பற்றியது. அந்த முறை இரண்டு சேனல் சத்தத்துக்காக உருவானது. இடது, வலது, அவ்வளவுதான். சத்தத்தைச் சுருக்காமல் அப்படியே எண்களாக அனுப்புவதற்குப் பிசிஎம் என்று பெயர். ஏஆர்சியில் பிசிஎம் என்றால் இரண்டு சேனல்தான்.

அப்படியானால் ஆறு சேனல் உள்ள 5.1 சத்தம் எப்படி வருகிறது? சுருக்கி, மூட்டையாகக் கட்டி வருகிறது. டால்பி டிஜிட்டல் என்பது அப்படி ஒரு மூட்டை. ஆறு சேனலையும் சுருக்கி, அதிகபட்சம் விநாடிக்கு 640 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடும். டிவி அந்த மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே சவுண்ட்பாருக்குத் தள்ளிவிடுகிறது, சவுண்ட்பார் பிரித்துக்கொள்கிறது. இப்படிப் பிரிக்காமல் தள்ளுவதைத்தான் டிவியின் மெனுவில் `Bitstream` என்றோ `Pass Through` என்றோ போட்டிருப்பார்கள்.

டால்பி அட்மாஸ் பற்றிய குழப்பத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது. அட்மாஸ் என்பது மூட்டையின் பெயர் அல்ல. எந்தச் சத்தம் அறையின் எந்த இடத்திலிருந்து வரவேண்டும் என்று சொல்லும் குறிப்பு அது. அந்தக் குறிப்பு இரண்டு விதமான மூட்டைகளில் வரலாம். ஒன்று டால்பி டிஜிட்டல் பிளஸ். நெட்ஃபிளிக்ஸ் போன்ற டிவி ஆப்கள் அட்மாஸை அனுப்புவது இதில்தான். மூட்டை சிறியது, ஏஆர்சியிலேயே போய்விடும், டிவியும் சவுண்ட்பாரும் அதை ஏற்றுக்கொள்ளும் மாடலாக இருந்தால் போதும். இன்னொன்று டால்பி ட்ரூஎச்டி. புளூ-ரே டிஸ்க்குகளில் இருப்பது. எந்தத் துளியையும் தொலைக்காமல் கட்டிய பெரிய மூட்டை, ஏஆர்சியில் நுழையாது.

ஆக, டிவிக்குள் இருக்கும் ஆப்களில் மட்டுமே படம் பார்க்கும் வீட்டுக்கு, அட்மாஸுக்காக இ-ஏஆர்சி கட்டாயம் இல்லை. அந்த வீட்டில் அட்மாஸ் வரவில்லை என்றால் முதலில் பார்க்கவேண்டியது டிவியின் ஆடியோ அவுட்புட் `PCM` என்று நிற்கிறதா என்பதைத்தான். அப்படி நின்றால் டிவியே மூட்டையைப் பிரித்து இரண்டு சேனலாக்கி அனுப்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேபிளாலும் அதை மாற்ற முடியாது. நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸுக்கு மேல்படிப் பிளானும் வேண்டும். அதை மறந்துவிட்டுக் கேபிளைத் திட்டுகிறவர்களும் உண்டு.

இ-ஏஆர்சியில் என்ன மாறியது?

எச்டிஎம்ஐ 2.1-உடன் 2017-இல் வந்தது இ-ஏஆர்சி, மேம்படுத்தப்பட்ட ஏஆர்சி. இது விநாடிக்குச் சுமார் 37 மெகாபிட் வரை சுமக்கும். இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று நாமே கணக்குப் போடலாம். எட்டு சேனல், ஒவ்வொரு சேனலிலும் விநாடிக்கு 1,92,000 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 24 பிட்.

```
8 × 192000 × 24 = 36864000 பிட் / விநாடி
```

அதாவது 7.1 சத்தத்தைச் சுருக்காமல், மிக உயர்ந்த தரத்தில் அனுப்பத் தேவையான அளவு. ட்ரூஎச்டி மூட்டையும் இதில் தாராளமாக அடங்கும்.

வீட்டில் இது உண்மையில் தேவைப்படும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, புளூ-ரே பிளேயரை டிவியில் சொருகியிருப்பவர்கள். நம் ஊரில் இவர்கள் குறைவு. இன்னொன்று கேம் கன்சோல். படத்தின் சத்தம் முன்பே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். கேமின் சத்தம் விளையாடும்போது அந்தந்த நொடியில்தான் உருவாகிறது, எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்பதைப் பொறுத்து. அதனால் கன்சோல் அதைச் சுருக்காமல் பல சேனல் பிசிஎம்மாகவே டிவிக்குக் கொடுப்பது வழக்கம். 5.1 என்றாலே ஆறு சேனல். வழியில் இருப்பது ஏஆர்சி மட்டும் என்றால், டிவி அதை இரண்டு சேனலாகக் குறுக்கவேண்டும், அல்லது டால்பி டிஜிட்டலாகத் தானே மறுபடி சுருக்கவேண்டும். இரண்டாவதைச் செய்யாத டிவிகள் நிறைய.

அளவைத் தவிர இன்னொரு மாற்றமும் உண்டு. ஏஆர்சி இயங்கச் சிஇசி என்ற இன்னொரு கம்பியின் தயவு வேண்டும். ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் கம்பி அது, 13-ஆவது பின். டிவி ரிமோட்டில் சவுண்ட்பாரின் ஒலியளவு மாறுவது இதனால்தான். சாம்சங் இதை `Anynet+` என்றும், எல்ஜி `SIMPLINK` என்றும், சோனி `BRAVIA Sync` என்றும் மெனுவில் போடுகின்றன. எல்லாம் ஒன்றுதான். இதை அணைத்தால் ஏஆர்சியும் போகும்.

இ-ஏஆர்சி சிஇசியை நம்பியிருப்பதில்லை. சத்தம் வரும் அதே 14, 19 பின்களிலேயே டிவியும் சவுண்ட்பாரும் பேசிக்கொள்ள ஒரு சிறு தகவல் வழியையும் வைத்திருக்கிறது. 'எனக்கு எட்டு சேனல் தெரியும், ட்ரூஎச்டி தெரியும்' என்று சவுண்ட்பார் சொல்வது இதில்தான். 'நான் இன்னும் இருக்கிறேன்' என்று இரு பக்கமும் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பேச்சு அறுந்தால் இ-ஏஆர்சியும் அறுந்துவிடும்.

அறுந்த பின் நடப்பதுதான் ஆளைக் குழப்பும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. சிஇசி ஆன் ஆக இருந்தால் இரண்டு கருவிகளும் சொல்லாமல் கொள்ளாமல் பழைய ஏஆர்சிக்கு இறங்கிவிடும். சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும், கேமில் மட்டும் பின்பக்கச் சத்தம் காணாமல் போயிருக்கும். சிஇசி ஆஃப் ஆக இருந்தால் இறங்க வழியில்லை, சவுண்ட்பார் ஊமையாகிவிடும்.

சுருக்கமாக: ஏஆர்சியில் சுருக்கிய 5.1-உம் ஆப்களின் அட்மாஸும் வரும். சுருக்காத பல சேனல் சத்தத்துக்கும் ட்ரூஎச்டிக்கும் இ-ஏஆர்சி வேண்டும். இரண்டு முனைக் கருவிகளிலும் இ-ஏஆர்சி இருக்கவேண்டும். ஒரு முனையில் ஏஆர்சி மட்டும் இருந்தால் கேபிளை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

கேபிளுக்குள் இருக்கும் அந்த ஜோடி

8கே கேபிள் என்று விற்கப்படும் அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் விநாடிக்கு 48 கிகாபிட் சுமக்கும். இ-ஏஆர்சிக்கு வேண்டியது 37 மெகாபிட். ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பிறகு ஏன் கேபிளைப் பற்றிப் பேசவேண்டும்? வேகத்துக்காக அல்ல, கம்பி கட்டப்பட்டிருக்கும் விதத்துக்காக.

இ-ஏஆர்சி 14, 19 இரண்டு கம்பிகளையும் ஜோடியாகப் பயன்படுத்துகிறது. ஒன்றில் சிக்னல் ஏறும்போது மற்றொன்றில் இறங்கும். வாங்கும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு ஏறும், வித்தியாசம் எடுக்கும்போது தானே கழிந்துவிடும். ஆனால் அப்படி நடக்க இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, ஒரு கவசத்துக்குள் ஓடவேண்டும். கேபிளின் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக ஓடினால் இரைச்சல் ஒன்றில் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் ஏறும். அது கழியாது.

இந்த முறுக்கிய ஜோடி எல்லா எச்டிஎம்ஐ கேபிளிலும் கிடையாது. 'வித் ஈதர்நெட்' என்று குறிக்கப்பட்ட கேபிள்களில் உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே இண்டர்நெட்டையும் கொண்டுபோகலாம் என்று 1.4-இல் ஒரு திட்டம் போட்டார்கள், அதற்காகத்தான் இந்த ஜோடியை உருவாக்கினார்கள். அந்தத் திட்டத்தைக் கருவி செய்பவர்கள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காலியாகக் கிடந்த ஜோடியை இ-ஏஆர்சி எடுத்துக்கொண்டது. அதனால்தான், இண்டர்நெட்டுக்கும் சவுண்ட்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றினாலும், கேபிளில் தேடவேண்டிய சொல் 'ஈதர்நெட்'.

கேபிளின் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்துகளில் அச்சிட்டிருக்கும்.

```
HIGH SPEED HDMI CABLE WITH ETHERNET
```

இப்படி இருந்தால் இ-ஏஆர்சிக்கு அது போதுமானது. பல வருடம் முன்பு வாங்கியதாக இருந்தாலும் சரி. `ULTRA HIGH SPEED HDMI CABLE` என்று இருந்தாலும் சரி, அந்த வகையில் இந்த ஜோடி கட்டாயம், தனியாக ஈதர்நெட் என்று போட்டிருக்காது. வெறும் `HIGH SPEED HDMI CABLE` என்று மட்டும் இருந்தாலோ, ஒன்றுமே அச்சிடாமல் இருந்தாலோதான் சந்தேகம். அதிலும் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இ-ஏஆர்சி பெரும்பாலும் வேலை செய்துவிடும். உத்தரவாதம்தான் கிடையாது. வேலை செய்தால் விட்டுவிடுங்கள். இ-ஏஆர்சி நிலையாக ஓடும் கேபிளை மாற்றி இன்னும் 'நல்ல' சத்தம் கேட்கப்போவதில்லை. எண்களாகப் போகும் சத்தம் சரியாகப் போகும், அல்லது விட்டுவிட்டுப் போகும், அல்லது போகவே போகாது. கேபிளை மாற்றினால் பேஸ் அதிகமாகிவிடாது.

ஒரு வீட்டில் பார்ப்போம்

அல்சூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 55 அங்குல டிவி, இ-ஏஆர்சி உண்டு. கீழே மரப்பலகையில் 5.1 சவுண்ட்பார், அதிலும் இ-ஏஆர்சி உண்டு. இன்டீரியர் வேலை செய்தவர் டிவிக்குப் பின்னால் மரப் பேனல் அடித்து, அதற்குள் பைப் வைத்து, 3 மீட்டர் தட்டைக் கேபிளை உள்ளே விட்டிருக்கிறார். தட்டைக் கேபிளைப் போட்டதற்குக் காரணம் உண்டு: முக்கால் அங்குலப் பைப்பில் சாதாரண எச்டிஎம்ஐ பிளக் வளைவில் திரும்பாது, கையில் கிடைத்த மெல்லியதை விட்டுவிட்டார்கள். டிவியின் பவர் வயரும் அதே பைப்பில்தான் வருகிறது.

நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் படம் போட்டால் சவுண்ட்பாரின் சிறு திரையில் `ATMOS` என்று வருகிறது. மகன் டிவியில் பிளேஸ்டேஷன் 5-ஐச் சொருகி விளையாடினால் முன்பக்கம் மட்டும்தான் சத்தம் வருகிறது. "நெட்ஃபிளிக்ஸ்ல வருதே, கேம்ல ஏன்ப்பா வரல?" என்று அவன் கேட்கிறான். மேலே படித்தவர்களுக்கு விடை தெரியும். நெட்ஃபிளிக்ஸின் அட்மாஸ் ஏஆர்சியிலும் வரும். கேமின் சுருக்காத 5.1-தான் இ-ஏஆர்சி கேட்கிறது. எனவே இரண்டு கருவிகளும் ஏஆர்சிக்கு இறங்கியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். இனி வரிசையாகப் பார்க்கவேண்டும்.

முதலில் போர்ட். டிவியின் பின்னால் இருக்கும் நான்கு எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒன்றில்தான் `eARC` என்று எழுதியிருக்கும். அது முதல் போர்ட்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கவேண்டாம், சில டிவிகளில் இரண்டாவது அல்லது மூன்றாவது. சவுண்ட்பாரிலும் அதே போலத்தான், `HDMI OUT` அல்லது `TV eARC` என்று இருக்கும் துளைதான். `HDMI IN`-இல் சொருகினால் சத்தமே வராது. இந்த வீட்டில் போர்ட் சரி.

அடுத்து செட்டிங். டிவி மெனுவில் `eARC` என்பது `Off`-இல் நிற்கிறதா? பல டிவிகளில் `Auto` என்று மாற்றவேண்டியிருக்கும். சில சவுண்ட்பார்களிலும் தனியாக ஆன் செய்யவேண்டும். ஆடியோ அவுட்புட் `Auto` அல்லது `Pass Through`. பிளேஸ்டேஷனின் ஒலி அமைப்பில் கருவி வகை டிவி என்றில்லாமல் சவுண்ட்பார் அல்லது ஏவி ஆம்ப்ளிஃபையர் என்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது இரண்டு சேனலோடு நிறுத்திக்கொள்ளும். இங்கே எல்லாம் சரியாக இருந்தும் சவுண்ட்பாரின் திரையில் இன்புட் பெயர் `eARC` என்று வராமல் `ARC` என்றே வருகிறது.

மூன்றாவது, குட்டைக் கேபிள் சோதனை. இதுதான் தீர்ப்புச் சொல்லும். டிவி, சவுண்ட்பார் இரண்டையும் சுவிட்ச்போர்டிலேயே அணைத்து ஒரு நிமிடம் விடவேண்டும். ரிமோட்டில் அணைத்தால் போதாது, பழைய பேச்சுவார்த்தையின் முடிவை நினைவில் வைத்திருக்கும். பேனலுக்குள் இருக்கும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஈதர்நெட் என்று அச்சிட்ட ஒன்றரை மீட்டர் கேபிளை டிவிக்கு முன்னால் தொங்கவிட்டு இரண்டிலும் சொருகவேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பத்து நிமிடத்துக்குத்தானே. மறுபடி ஆன் செய்தால் திரையில் `eARC` வருகிறது, கேமில் பின்பக்கச் சத்தமும் வருகிறது. குற்றவாளி பேனலுக்குள் இருக்கும் தட்டைக் கேபிள்.

இந்தச் சோதனையில் குட்டைக் கேபிளிலும் `ARC` என்றே நின்றிருந்தால் கேபிளுக்குச் செலவு செய்வது வீண். அப்போது பார்க்கவேண்டியது இரண்டு கருவிகளின் மென்பொருள் அப்டேட். இ-ஏஆர்சியின் ஆரம்பகாலக் கருவிகள் பலவற்றில் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

தட்டைக் கேபிள் ஏன் தோற்றது? அதற்குள் கம்பிகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படுத்திருக்கும். மெல்லியதாக வரவேண்டும் என்பதற்காக முறுக்கையும் கவசத்தையும் குறைத்திருப்பார்கள். கூடவே மூன்று மீட்டர் முழுக்கப் பவர் வயரோடு ஒட்டி ஓடுகிறது. ஏஆர்சி தாங்கியது, இ-ஏஆர்சியின் பேச்சு தாங்கவில்லை.

மாற்றும்போது பழைய கேபிளின் முனையில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தால் கயிறு பைப்புக்குள் நின்றுவிடும். அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுக்கலாம். பிளக்கின் மேல் டேப் சுற்றி, இழுப்பு பிளக்கின் மேல் விழாமல் கேபிளின் உடலில் விழும்படி கட்டவேண்டும். பிளக்கைப் பிடித்து இழுத்தால் உள்ளே பற்றவைத்த கம்பி விட்டுப்போகும், அப்படி விட்டுப்போவது 14-ஆவதாக இருந்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பைப் சின்னதென்றால் பேனலின் ஓரமாகத் தனியாக ஒரு பிவிசி பட்டியில் விடுவதே நல்லது, பவர் வயரிலிருந்தும் தள்ளி இருக்கும்.

அப்படியானால் 48 கிகாபிட் கேபிள் எப்போது?

மகன் அடுத்த யோசனை சொல்கிறான்: பிளேஸ்டேஷனை டிவியில் சொருகாமல் சவுண்ட்பாரின் `HDMI IN`-இல் சொருகினால் என்ன? அங்கிருந்து படம் அதே கேபிள் வழியாக டிவிக்குப் போகும். இப்போது நிலைமை தலைகீழ். இதுவரை சும்மா கிடந்த 12 பின்களும் வேலைக்கு வந்துவிட்டன. 4கே படம் விநாடிக்கு 60 முறை என்றால் 18 கிகாபிட் தரமுள்ள பிரீமியம் ஹை ஸ்பீட் கேபிள் வேண்டும். 120 முறை என்றால் அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள்தான். இங்கே கேபிள் போதாவிட்டால் சத்தத்துக்கு முன்பே படம் காட்டிக்கொடுத்துவிடும்: திரை நொடிப்பொழுது கறுத்து மீளும், வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும்.

ஆனால் 120-ஐக் கடத்தும் திறன் சவுண்ட்பாருக்கும் இருக்கவேண்டும். பெரும்பாலானவை 60-ஓடு நின்றுவிடும். அப்படியென்றால் கன்சோல் டிவியில் நேராக இருப்பதே சரி, டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு 'வித் ஈதர்நெட்' என்று அச்சிட்ட சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும். 48 கிகாபிட் கேபிள் கன்சோலோடு பெட்டியிலேயே வந்திருக்கும். அதைச் சவுண்ட்பாருக்குப் போட்டுவிட்டு, கன்சோலுக்குப் பழைய கேபிளைப் போடும் வீடுகள் இருக்கின்றன. மாற்றிச் சொருகினால் இரண்டும் சரியாகிவிடும்.

இன்னொரு சங்கடம்: பல டிவிகளில் 120 வேகம் ஏற்கும் போர்ட் இரண்டுதான், அதில் ஒன்றே இ-ஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் கன்சோலுக்கு மிஞ்சுவது ஒன்றுதான். டிவி வாங்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நீளமான கேபிளில் வரும் தனிச்சிக்கல்

ஹாலின் ஒரு கோடியில் டிவி, மறுகோடியில் ஆம்ப்ளிஃபையர் என்று பத்து மீட்டர் தேவைப்படும் வீடுகளில் ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிளைப் போடுவார்கள். இதில் படம் கண்ணாடி இழையில் போகும். மெதுவான கம்பிகள், நம் 14, 19 உட்பட, பெரும்பாலும் செம்பிலேயே போகும். பழைய மாடல்களில் இந்த ஜோடியையே விட்டுவிட்டவை உண்டு. அதில் படம் கண்ணாடி போல் வரும், சத்தம் திரும்பி வராது. எனவே வாங்கும் முன் விவரத்தில் இ-ஏஆர்சி ஆதரவு என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இந்தக் கேபிளுக்குத் திசையும் உண்டு. ஒரு முனையில் `SOURCE`, மறுமுனையில் `DISPLAY` அல்லது `TV` என்று இருக்கும். சத்தம் டிவியிலிருந்துதானே வருகிறது, அப்போது டிவிதான் சோர்ஸ் என்று நினைத்துத் தலைகீழாகப் போடுவது அடிக்கடி நடக்கிறது. திசை படத்தைப் பொறுத்தது. `DISPLAY` முனை எப்போதும் டிவியில்தான், `SOURCE` முனை சவுண்ட்பாரில் அல்லது ஆம்ப்ளிஃபையரில். சுவருக்குள் விட்டுப் பூசுவதற்கு முன் தரையில் வைத்தே இரண்டு முனையையும் சொருகி, `eARC` வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது

'எச்டிஎம்ஐ 2.1 கேபிள்', 'இ-ஏஆர்சி கேபிள்' என்று அதிகாரபூர்வமான வகை எதுவும் இல்லை. கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது, வகைப் பெயர்தான் உண்டு. அட்டையில் 2.1 என்று பெரிதாகப் போட்டு வகைப் பெயரைப் போடாத கேபிளை ஒதுக்கிவிடுங்கள். அல்ட்ரா ஹை ஸ்பீட் என்று விற்றால் பெட்டியின் மேல் கியூஆர் கோடுள்ள சான்று லேபிள் ஒட்டியிருக்கவேண்டும். எச்டிஎம்ஐ அமைப்பின் `HDMI Cable Certification` ஆப்பில் அதை ஸ்கேன் செய்தால் கேபிளின் மாடல், சான்று பெற்ற நீளம் எல்லாம் தெரியும். கையில் இருக்கும் கேபிள் 3 மீட்டர், ஆப்பில் வருவது 1 மீட்டர் என்றால் லேபிள் வேறு எங்கிருந்தோ வந்தது.

டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் நடுவே ஓர் அடிதான் இடைவெளி என்றாலும் அரை மீட்டர் வாங்கவேண்டாம். சுவரில் மாட்டிய டிவியைக் கழற்றாமல் பின்னால் கைவிட்டுச் சொருக ஒன்றரை மீட்டராவது இருந்தால்தான் வசதி. அதற்கு மேல் நீளத்தை வாங்கிச் சுருட்டி டிவியின் பவர் வயரோடு சேர்த்துக் கட்டிவைக்காதீர்கள்.